இரண்டு காதுக் கருவிகளையும் போனோடு இணைப்பது எப்படி: எல்.இ. ஆடியோ செய்முறை

கோத்தகிரியில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் புதிய காது கேட்கும் கருவிகள் வாங்கினோம். கருவிகளிலும் ஆண்ட்ராய்டு போனிலும், குறைந்த மின்சாரத்தில் புளூடூத் வழியே ஒலியை அனுப்பும் எல்.இ. ஆடியோ வசதி இருந்தது. ஆனாலும் போன் பேசினால் வலது காதில் மட்டுமே குரல் வந்தது. காரணம் பிடிபட இரண்டு நாள் ஆனது.

முதலில் போனைப் பாருங்கள். அட்டைப்பெட்டியில் புளூடூத் 5.2 அல்லது 5.3 என்று போட்டிருப்பது போதாது. எல்.இ. ஆடியோ அந்தப் பதிப்புகளில் விருப்ப வசதிதான், கட்டாயமில்லை. ஆண்ட்ராய்டு 13 முதல் இதற்கான ஆதரவு இருந்தாலும், போன் தயாரிப்பாளரும் அதைச் சேர்த்திருக்க வேண்டும். போன் மாடலைச் சொல்லி உங்கள் ஆடியாலஜிஸ்டிடம் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்து, பழைய இணைப்புகளை அழியுங்கள். பெரியம்மாவின் பழைய போன் அலமாரியில் புளூடூத்தோடு உயிருடன் இருந்தது. கடையில் சோதித்தபோது அதோடுதான் கருவிகளை இணைத்திருந்தார்கள். கருவியை எடுத்தவுடன் அந்தப் போன் முந்திக்கொள்ளும். இரண்டு போன்களிலும் கருவியின் பெயரைத் தொட்டு `Forget` கொடுங்கள். பழைய போனில் புளூடூத்தையே அணைத்துவிடுங்கள். புதிய போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

இப்போது நான் தடுக்கி விழுந்த இடம். சார்ஜ் ஆகும் கருவிகளைப் பெட்டியில் வைத்து வெளியே எடுத்தால் இணைப்பு நிலைக்கு வரும். பேட்டரி போடும் வகையானால் அதன் கதவைத் திறந்து மூட வேண்டும். அந்த நிலை பெரும்பாலும் மூன்று நிமிடம் அளவே நீடிக்கும். நான் வலது கருவியை எடுத்து இணைத்து, பெரியம்மாவின் காதில் பொருத்தி, கேட்கிறதா என்று விசாரித்து, பிறகுதான் இடதை எடுத்தேன். அதோடு, முதல் கருவி இணைந்ததுமே திரையை மூடிவிட்டேன்.

எல்.இ. ஆடியோவில் இரண்டு கருவிகளும் போனோடு தனித்தனியாகப் பேசுகின்றன. இரண்டும் ஒரே ஜோடி என்பதைக் காட்டும் பொதுவான சாவி ஒன்று இரண்டிலும் இருக்கிறது. முதல் கருவி இணைந்ததும் போன் அந்தச் சாவியை வைத்துக்கொண்டு மற்றொன்றைத் தேடும். அந்த நேரத்தில் மற்றொன்று இணைப்பு நிலையில் இல்லாவிட்டால் ஜோடி சேராது.

ஆகவே இரண்டையும் ஒன்றாகவே எடுத்து, போனுக்கு அருகில் மேசைமேல் வையுங்கள். காதில் போட வேண்டாம். பிறகு `Settings`, `Accessibility`, `Hearing devices`, `Pair new device` என்று போங்கள். சில போன்களில் இந்தப் பெயர்கள் சற்று மாறும். பட்டியலில் வரும் பெயரைத் தொட்டுவிட்டு அப்படியே காத்திருங்கள். அரை நிமிடம் வரைகூட ஆகலாம். இரண்டாவது முறை `Pair` கேட்டால் அதையும் ஒப்புக்கொள்ளுங்கள். கருவியின் விவரப் பக்கத்தில் `LE Audio` என்ற பொத்தான் இருந்தால் அது இயங்குகிறதா என்று பாருங்கள்.

கருவி நிறுவனத்தின் செயலியை இதற்கு முன்னால் திறக்காதீர்கள். அது இடையில் புகுந்து தானும் இணைக்கப் பார்க்கும். போனின் அமைப்புகளில் ஜோடி சேர்ந்த பிறகு செயலியை நிறுவுவதுதான் எனக்குப் பிடித்த வரிசை.

சோதிக்க, ஒரு பாட்டைப் போட்டுவிட்டு ஒவ்வொரு கருவியாகக் கழற்றிப் பாருங்கள். "இரண்டு பக்கமும் கேட்கிறதா, பெரியம்மா?" என்று கேட்டேன். "இடது பக்கம் கொஞ்சம் கூடவே கேட்கிறதடா" என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை மறக்க மாட்டேன்.

பிறகு ஓர் அழைப்பு செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போன்கள் காதுக் கருவிக்கு ஒலி அனுப்பும் பழைய ஆஷா முறையில் எதிர்முனைக் குரல் கருவிக்கு வரும், நம் குரலைப் போனின் மைக்கே எடுக்கும். எல்.இ. ஆடியோவில் கருவியின் மைக்கே நம் குரலையும் எடுக்க முடியும், கருவி அதை ஆதரித்தால். தேயிலைத் தோட்டச் சரிவில் காற்று வீசும்போது அந்த மைக்கில் இரைச்சல் கூடும். ஆண்ட்ராய்டு 16-இல் அழைப்புக்குப் போனின் மைக்கைத் தேர்வு செய்ய வழி இருக்கிறது.

பிற்சேர்க்கை: கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகர் எழுதினார். அவர் அப்பாவின் கருவி பகலில் ஒழுங்காக இருக்கிறது, விடியற்காலையில் பாட்டு கேட்டால் விட்டுவிட்டு அறுந்துபோகிறது. அது துத்தநாகக் காற்று பேட்டரி போடும் வகை. அந்தப் பேட்டரி காற்றிலுள்ள ஆக்சிஜனால் இயங்குவது, குளிரில் அதன் வேகம் குறையும். சாதாரணமாகக் கேட்பதற்கு அந்த மின்சாரம் போதும், போனிலிருந்து ஒலி வரும்போது தேவை கூடுவதால் தடுமாறும். கருவியையும் மாற்றுப் பேட்டரியையும் இரவில் ஜன்னலோரம் வைக்காமல் அறைக்குள் உலர்ந்த இடத்தில் வைக்கச் சொன்னேன். புதிய பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்த பிறகு நாலைந்து நிமிடம் காற்றாட விட்டு, பிறகு கதவை மூட வேண்டும். அடுப்பருகே சூடாக்கவே கூடாது. ஒரு வாரம் கழித்து, காலை ஆறு மணிச் செய்தியை அப்பா முழுவதும் கேட்டார் என்று பதில் வந்தது.