ஒரு காணொளித் தளம் மட்டும் திக்கினால்

உப்புவெளியில் ஒரு வீட்டில், இரவு ஒன்பது மணிக்கு யூடியூப் மட்டும் நின்று நின்று ஓடியது. வேகச் சோதனையோ நல்ல எண்ணைக் காட்டியது. அந்த எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். அந்தச் சோதனை பெரும்பாலும் அருகிலுள்ள சேவையகத்தையே அளக்கும். காணொளி வரும் பாதை வேறாக இருக்கலாம்.

கணினியில் காணொளியின் மீது வலது பொத்தானை அழுத்தி `Stats for nerds` என்பதைத் திறந்து, தரத்தை 1080p இல் நிறுத்தி, `Connection Speed` எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் அது 1,500 Kbps அளவில் கிடந்தது. உடனே, இணையப் போக்குவரத்தை வேறொரு சேவையகம் வழியாகச் சுற்றிவிடும் நம்பகமான விபிஎன் ஒன்றைச் சிங்கப்பூர் வழியாக இணைத்து, அதே தரத்தில் புதிதாக இன்னொரு காணொளியைப் போட்டோம். 18,000 ஐத் தாண்டியது. சுற்றுவழியில் வேகம் கூடினால் வீட்டு வைஃபையும் கணினியும் குற்றமற்றவை. நெரிசல் சேவை நிறுவனத்துக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட பாதையில் இருக்கிறது, அல்லது நிறுவனமே அந்தத் தளத்தின் வேகத்தைக் குறைக்கிறது. இந்த இரண்டில் எது என்பதை விபிஎன் சொல்லாது.

விபிஎன்னிலும் மந்தமாக இருந்தால் பாதையில் குறையில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். விபிஎன்னே மெதுவாக இருக்கலாம். அப்போது வேறு நிறுவனத்தின் சிம் உள்ள கைபேசி ஹொட்ஸ்பொட்டில் பாருங்கள். நெரிசல் பெரும்பாலும் இரவில்தான் வரும் என்பதால் எல்லாவற்றையும் அதே நேரத்தில் செய்யுங்கள். முறைப்பாட்டின்போது நேரத்தையும் இரண்டு எண்களையும் சேர்த்தே கொடுங்கள்.