வகையிடுவதற்கு முன்பே சமப்படுத்தியதால் வந்த பிழை

இரு நிறுவனங்கள் தத்தம் உற்பத்தி அளவைத் தனித்தனியே முடிவுசெய்து போட்டியிடும் கூர்னோ இருவர் முற்றுரிமைக் கணக்கு ஒன்றில் எனக்கு நெடுநாள் ஒரே தவறு நேர்ந்துகொண்டிருந்தது. q1, q2 என்பன அவற்றின் உற்பத்தி அளவுகள்; சந்தை விலை P = 120 − q1 − q2; இரு நிறுவனங்களுக்கும் ஓர் அலகின் செலவு 30. இரண்டும் ஒரே மாதிரியானவைதானே என்று எண்ணி, தொடக்கத்திலேயே q1 = q2 = q என்று வைத்து, (90 − 2q)q என்ற இலாபத்தை வகையிட்டு, ஆளுக்கு 22.5 என்று எழுதிவந்தேன்.

விடை தவறு என்பதை, மற்றதன் அளவுக்கு ஏற்ற தன் சிறந்த அளவைக் காட்டும் எதிர்வினைக் கோடுதான் காட்டிக்கொடுத்தது. முதல் நிறுவனம் மற்றதன் அளவை மாறாததாகக் கொண்டு தன் இலாபமான (90 − q1 − q2)q1 என்பதை q1-ஐப் பொறுத்து மட்டும் வகையிட்டால், q1 = (90 − q2)/2 கிடைக்கிறது. இதில் q2 = 22.5 என்று இட்டால் q1 = 33.75 வருகிறது, அதாவது, மற்றவர் 22.5-இல் நிற்கும்போது தானும் அங்கேயே நிற்க எவருக்கும் விருப்பமிராது. நான் கண்டுபிடித்திருந்தது இருவரும் கூட்டுச் சேர்ந்து, முற்றுரிமையாளரின் 45 அலகைப் பங்கிட்டுக்கொள்ளும் நிலை.

வகையிட்ட பிறகே சமப்படுத்தினேன்: q = 30, மொத்தம் 60, விலை 60, இலாபம் ஆளுக்கு 900. கூட்டில் கிடைத்திருக்கக்கூடிய 1012.5-ஐ விட இது குறைவு என்பது முதலில் உறுத்தியது. ஆனால் அந்தக் கூட்டு தானாக நிலைக்காது.

இரண்டாவது நிறுவனத்தின் செலவு 60 ஆனால், சமப்படுத்தும் குறுக்குவழியே செல்லாது. அப்போது 2q1 + q2 = 90, q1 + 2q2 = 60 ஆகியவற்றைச் சேர்த்துத் தீர்க்க, q1 = 40, q2 = 10, விலை 70.