மூச்சு விடும் வேலையைக் கணக்குப் போடுவது எப்படி? சிஓபிடியில் மூச்சுத் தசை சோர்வது ஏன்?

"இவருக்கு மூச்சு விடவே சக்தி எல்லாம் போய்விடுகிறது" என்று வார்டில் அடிக்கடி சொல்கிறோம். எவ்வளவு சக்தி போகிறது, எப்போது தசை கைவிடும் என்பதைத் தாளில் எழுதிப் பார்த்துவிடலாம். ஐசியுவில் புதிதாகச் சேரும் ஃபிசியோ, நர்ஸ் எல்லோருக்கும் நான் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன். எக்செல் வேண்டாம், பேனாவே போதும். கையால் பெருக்கினால்தான் எந்த எண் எதை ஏற்றுகிறது என்று பிடிபடும்.

படி 1: ஆரோக்கியமானவரின் கணக்கு

வேலை என்பது அழுத்தத்தை அளவால் பெருக்குவது. அழுத்தத்தை செ.மீ. நீரிலும் காற்றை லிட்டரிலும் எடுத்துப் பெருக்கி, 10-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஜூல் கிடைக்கும்.

சும்மா உட்கார்ந்திருப்பவர் சராசரியாக 6 செ.மீ. அழுத்தத்தில் அரை லிட்டர் இழுக்கிறார், நிமிடத்துக்கு 14 மூச்சு என்று வைத்துக்கொள்வோம். 6 × 0.5 × 14 = 42. அதாவது நிமிடத்துக்கு 4.2 ஜூல். மூச்சை வெளியே விட அவருக்குத் தனியாகச் செலவில்லை, நுரையீரல் தானே சுருங்கிக்கொள்ளும்.

படி 2: அதை ஆக்சிஜனாக மாற்றுங்கள்

உடலில் 1 மி.லி. ஆக்சிஜன் சுமார் 20 ஜூல் தரும். ஆனால் மூச்சுத் தசைகள் அதில் பெரும்பகுதியை வெப்பமாக இழந்துவிடும். 7% மட்டும் வேலையாக மாறுகிறது என்று கொண்டால், 4.2 ஜூல் வேலைக்கு 60 ஜூல் செலவு, அதாவது 3 மி.லி. ஆக்சிஜன். ஓய்வில் உடல் முழுவதும் நிமிடத்துக்கு 250 மி.லி. வாங்குகிறது. அதில் இது 1% சொச்சம்தான். நாம் மூச்சு விடுவதை நாமே கவனிக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

படி 3: சிஓபிடி நோயாளி (இங்கேதான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள்)

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். சளி பிடித்து, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயான சிஓபிடி முற்றி வந்திருக்கிறார். நிமிடத்துக்கு 30 மூச்சு, ஒவ்வொன்றிலும் 350 மி.லி. உணவுக்குழாயில் பலூன் குழாய் போட்டு அழுத்தம் பார்க்கிறோம். காற்று உள்ளே வரத் தொடங்கிய இடத்தைப் பூஜ்யமாக வைத்தால் சராசரி 12 செ.மீ. வருகிறது. 12 × 0.35 × 30 = 126, அதாவது 12.6 ஜூல். ஆரோக்கியமானவரைப் போல மூன்று மடங்கு. "இவ்வளவுதானா?" என்று தோன்றும். இந்த எண் தவறு.

இவருக்குக் காற்றுக்குழாய்கள் சுருங்கியிருப்பதால், முந்தைய மூச்சு முழுதாக வெளியேறும் முன்பே அடுத்தது வந்துவிடுகிறது. உள்ளே சிக்கிய காற்று நேர் அழுத்தமாக நிற்கிறது. இதைத்தான் ஆட்டோ பீப் என்கிறோம். இவருக்கு அது 8 செ.மீ. என்றால், முதல் 8 செ.மீ. இழுத்து அதை ஈடுகட்டிய பிறகுதான் ஒரு துளிக் காற்றாவது உள்ளே நகரும். ஆகவே பூஜ்யத்தைத் தசை இழுக்கத் தொடங்கிய இடத்தில் வைக்க வேண்டும், காற்று நகர்ந்த இடத்தில் அல்ல. அப்படி வைத்தால் சராசரி 20 செ.மீ. 20 × 0.35 × 30 = 210, அதாவது 21 ஜூல். ஐந்து மடங்கு.

இப்போதும் கணக்கு முடியவில்லை. சேற்றில் புதைந்த வண்டியைத் தள்ளுகிறவருக்கு வண்டி நகரும் முன்பே வியர்த்துவிடும். நகராத வரை பெருக்கலில் வேலை பூஜ்யம், தசை எரிப்பது மட்டும் நிஜம். ஆட்டோ பீப்பை ஈடுகட்டும் அந்தத் தருணமும் அப்படித்தான். கூடவே, வீங்கிய நுரையீரல் உதரவிதானத்தைத் தட்டையாக்கிவிடுகிறது. அதன் இழைகள் குறுகி, பிடிமானமில்லாத கோணத்தில் இழுக்கின்றன. கழுத்துத் தசைகளும் சேர்ந்து இழுக்க வேண்டியிருக்கிறது. இதனால் 7% என்றிருந்த திறன் 2% அளவுக்கு இறங்கக்கூடும். 21 ஜூல் வேலைக்கு 1,050 ஜூல் செலவு, அதாவது 52 மி.லி. ஆக்சிஜன். மொத்தம் 300 மி.லி. வாங்குபவருக்கு இது ஆறில் ஒரு பங்குக்கும் மேல்.

வேலை ஐந்து மடங்கு, ஆக்சிஜன் பதினேழு மடங்கு. அதனால்தான் வேலை எண்ணை மட்டும் வைத்து நோயாளியின் சிரமத்தை அளக்கக் கூடாது என்கிறேன். தசை எவ்வளவு அழுத்தத்தை எவ்வளவு நேரம் பிடித்து நிற்கிறது என்பதோடுதான் ஆக்சிஜன் செலவு நெருக்கமாகப் போகிறது.

படி 4: தசை தாங்குமா?

அழுத்தத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு எண்ணை 1982-ல் பெல்மார், கிராசினோ இருவரும் கொடுத்தார்கள்:

```
TTdi = (Pdi / Pdimax) × (Ti / Ttot)
```

முதல் பகுதி, உதரவிதானம் தன் உச்ச பலத்தில் எத்தனை பங்கை ஒவ்வொரு மூச்சிலும் செலவழிக்கிறது என்பது. இரண்டாவது, மூச்சுச் சுற்றில் எத்தனை பங்கு நேரம் அது சுருங்கியே இருக்கிறது என்பது. Pdi என்பது உதரவிதானம் உண்டாக்கும் அழுத்தம், அதை அளக்க வயிற்றிலும் ஒரு பலூன் வேண்டும். இங்கே எளிமைக்காக மேலே வந்த எண்களையே போடுகிறேன்.

ஆரோக்கியமானவருக்கு உச்சம் 100 செ.மீ., சுருங்கும் நேரம் 0.4 பங்கு என்று கொண்டால்: 6/100 × 0.4 = 0.024.

நம் நோயாளிக்கு உதரவிதானம் தட்டையானதால் உச்சமே 50 தான். 20/50 × 0.4 = 0.16.

0.15 முதல் 0.18 வரை எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் அதே சுமையை நீண்ட நேரம் இழுக்க முடியாது. காரணம் ரத்த ஓட்டம். தசை பலமாகச் சுருங்கும்போது தனக்குள் ஓடும் ரத்தக்குழாய்களையே நசுக்குகிறது. தளரும் இடைவெளியில்தான் ரத்தம் நன்றாகப் பாயும். வேகமாக மூச்சு வாங்கும்போது அந்த இடைவெளியும் சுருங்குகிறது. ஆக்சிஜன் தேவை ஏறும் அதே நேரத்தில் வரத்து குறைகிறது.

பின்னத்தைக் கவனியுங்கள்: மேலே இருக்கும் எண் ஏறியதோடு கீழே இருப்பது இறங்கியும் விட்டது. ஆனால் இது தசையே நலிந்ததால் அல்ல. 1991-ல் சிமிலோவ்ஸ்கி குழுவினர் நிலையான சிஓபிடி நோயாளிகளின் உதரவிதானத்தை அதே நுரையீரல் அளவில் ஒப்பிட்டபோது, அது மற்றவர்களுடையதற்குக் குறையாத பலம் காட்டியது. வீக்கம்தான் அதைக் கெட்ட இடத்தில் உட்காரவைக்கிறது.

படி 5: எண்ணை இறக்குங்கள்

முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றுத் தரும் பைப்பாப் கருவியைப் போடுகிறோம். வெளிவிடும் அழுத்தம் 6 செ.மீ. என்றால் அது ஆட்டோ பீப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டும், அதாவது அந்த வீண் இழுப்பு குறையும். வெளிவிடும் அழுத்தத்தை ஆட்டோ பீப்புக்கு மேல் ஏற்றினால் நுரையீரல் இன்னும் வீங்கும், அதனால் சற்றுக் கீழேயே நிறுத்துவது என் வழக்கம். உள்ளிழுக்கும் அழுத்தம் 16 செ.மீ. மீதிச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். தசையின் பங்கு 10 செ.மீ.க்கு இறங்கினால் 10/50 × 0.4 = 0.08. எல்லைக்கோட்டில் பாதி.

பலூன் இல்லாத வார்டில் என்ன செய்வது? கழுத்துத் தசையில் விரலை வையுங்கள். ஒவ்வொரு மூச்சிலும் அது இறுகுகிறதா என்று பாருங்கள். மூச்சு இழுக்கும்போது வயிறு உள்ளே போகிறதா என்றும் பாருங்கள். அப்படிப் போனால் சுமை மிக அதிகம் என்று அர்த்தம், தசை சோர்ந்தேவிட்டது என்பதற்கு அதுவே சான்றாகாது. வென்டிலேட்டர் திரை இருந்தால், வெளிவிடும் காற்றின் கோடு பூஜ்யத்தைத் தொடும் முன்பே அடுத்த மூச்சு தொடங்குகிறதா என்று பார்த்தால் ஆட்டோ பீப் இருப்பது தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: பைப்பாப் போட்டதும் மூச்சு 30-லிருந்து 14-க்கு வந்தது, தேறிவிட்டாரா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கழுத்துத் தசை தளர்ந்து, ஒவ்வொரு மூச்சும் பெரிதாகி, அவர் தெளிவாகப் பேசினால் சுமை இறங்கியிருக்கிறது. மூச்சும் மேலோட்டமாக, கூப்பிட்டால் அரைக்கண் மட்டும் திறந்தால், கார்பன் டைஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கலாம். அப்போது ரத்த வாயுப் பரிசோதனைக்கு உடனே அனுப்பி, டாக்டரைக் கூப்பிடுங்கள்.