இரண்டு வயதும் ஆறு வயதும் உள்ள வீட்டுக்கு லெகோ: எதை வாங்குவது, எங்கே வைப்பது?

ஒரே குழந்தை என்றால் பெட்டியில் போட்டிருக்கும் வயதைப் பார்த்து வாங்கினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஹாலில் இரண்டு வயதுத் தம்பியும் ஆறு வயது அக்காவும் சேர்ந்து விளையாடும்போதுதான் சிக்கல். அக்காவுக்கு வாங்கியது தம்பி வாய்க்குள் போகும். இந்த விளக்கம் அப்படிப்பட்ட வீட்டுக்கு.

படி 1: அட்டையில் ஒரு ஓட்டை

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் பொம்மைகளை 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளையில் போட்டுச் சோதிப்பார்கள். உள்ளே முழுசாக அடங்கிவிட்டால் தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு என்று அர்த்தம். வீட்டில் தடிமனான அட்டையில் 32 மி.மீ. வட்டம் வெட்டி, கட்டையை எல்லாப் பக்கமும் திருப்பி நுழைத்துப் பாருங்கள்.

எட்டுக் குமிழ் உள்ள சாதாரண லெகோ கட்டை (2×4) பார்க்கப் பெரிதாகத் தெரியும். நீளம் கிட்டத்தட்ட 32 மி.மீ., அகலம் 16 மி.மீ. படுக்க வைத்தால் ஓட்டையில் போகாது, நிமிர்த்தினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். "பெரிய கட்டையை மட்டும் எடுத்துக் கொடுக்கிறேன்" என்பது அதனால்தான் செல்லாது. சின்னக் குழந்தைகளுக்காக லெகோவே செய்யும் பெரிய கட்டை டூப்ளோ; சாதாரணக் கட்டையைவிட நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரு மடங்கு. நாலு குமிழ் டூப்ளோ கட்டை (2×2) எப்படித் திருப்பினாலும் நுழையாது.

ஆகவே தம்பிக்கு டூப்ளோ. முப்பது, நாற்பது கட்டைகள் தாராளம். வேறு பிராண்டு வாங்கினால் ISI முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். முத்திரை இருந்தாலும் ஓட்டைச் சோதனையை விடாதீர்கள்: மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான செட்டிலும் அதே முத்திரைதான் இருக்கும்.

படி 2: அக்காவின் செட் எவ்வளவு கடினம்?

பெட்டியில் உள்ள எண்ணிக்கை கடினத்தைச் சொல்லாது. 484 துண்டுகள் உள்ள கிளாசிக் பெட்டியை (எண் 10696) ஆறு வயதுக் குழந்தை தன்போக்கில் கட்டும். அதில் பாதிகூட இல்லாத, பல்சக்கரமும் அச்சும் வைத்துக் கட்டும் டெக்னிக் வகை வண்டி ஒன்றில் திணறலாம்.

வாங்கும் முன் செட் எண்ணை lego.com தளத்தில் தேடினால் செய்முறைப் புத்தகம் இலவசமாகவே கிடைக்கும். முதல் பக்கங்கள் எப்போதும் சுலபம், அதனால் நடுப்பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு படியின் மூலையிலும் அந்தப் படிக்கு வேண்டிய துண்டுகள் ஒரு சிறு கட்டத்தில் இருக்கும். ஒன்றிரண்டு துண்டு என்றால் நாலைந்து வயதுக்கு ஆகும். மூன்று, நான்கு என்றால் ஆறு வயதுக்குச் சரி. ஐந்தாறு துண்டுகளோடு, கறுப்புத் துண்டின் மேல் கறுப்புத் துண்டு வைக்கச் சொன்னால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு, துண்டை ஒரு குமிழ் தள்ளி வைப்பது. உடனே தெரியாது, பத்துப் பக்கம் கழித்துக் கூரை உட்காராதபோதுதான் தெரியும். அப்போது அழுத்திப் பொருத்தாமல், படத்தோடு ஒப்பிட்டு ஓரத்திலிருந்து குமிழை எண்ணிக்கொண்டே பின்னோக்கிப் போக வேண்டும்.

ஒட்டிக்கொண்ட மெல்லிய தட்டைகளைப் பல்லால் கடித்துப் பிரிப்பது எல்லா வீட்டிலும் நடக்கும். தட்டையின் மேல் ஒரு நீளக் கட்டையைப் பொருத்தி நெம்புங்கள், வந்துவிடும். சில பெட்டிகளில் இதற்கென்றே நெம்புகோல் போன்ற ஒரு பிரிப்பான் இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

படி 3: இரண்டு டப்பா, இரண்டு உயரம்

டூப்ளோவுக்கு மூடியில்லாத கூடை போதும், தரையிலேயே இருக்கட்டும். சின்னக் கட்டைகளுக்கு ஆழமில்லாத, அகலமான, க்ளிப் மூடி போட்ட டப்பா வேண்டும். ஆழமான வாளியில் போட்டால் சின்னத் துண்டெல்லாம் அடிக்குப் போய்விடும். ஒன்றைத் தேட முழு வாளியையும் தரையில் கொட்டுவார்கள், தம்பி கைக்குப் போவது அப்போதுதான். டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். கட்டுவது சாப்பாட்டு மேசையில், விளிம்பு உள்ள தட்டில்.

நிறம் பார்த்துப் பிரிப்பது அழகாக இருக்கும், உதவாது. சிவப்புக் குவியலுக்குள் சின்னச் சிவப்புத் துண்டு கண்ணுக்கே படாது. கட்டை, தட்டை, சக்கரம், பொடித்துண்டு என்று வகையாகப் பிரித்தால் நிறம் தானே கண்ணில் படும். இந்த நாலு அறையே போதும். பன்னிரண்டு அறை வைத்தால் ஒரு வாரத்தில் எல்லாம் கலந்துவிடும்.

எச்சில் பட்ட கட்டைகளை 40 டிகிரிக்கு மேற்படாத வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கையால் கழுவி, நிழலில் துணி மேல் பரப்புங்கள். மொட்டைமாடி வெயில் வேண்டாம். நாளடைவில் வெள்ளைக் கட்டை மஞ்சளாகும்.

தம்பி வளர்ந்ததும் டூப்ளோவைக் கொடுத்துவிட அவசரப்படாதீர்கள். சாதாரண 2×4 கட்டை டூப்ளோ குமிழ்மேல் கச்சிதமாக உட்காரும், மெல்லிய தட்டைகள் மட்டும் பிடிக்காது. அக்காவின் கோட்டைக்கு அடித்தளம் போட அது ஆகும்.