இடைவெளி விட்ட இரண்டு லென்ஸ்கள்: பிம்பம் எங்கே விழும்?

f1, f2 குவியத்தொலைவுள்ள இரண்டு மெல்லிய குவிலென்ஸ்கள் ஒட்டியிருந்தால் 1/f1, 1/f2 இரண்டையும் கூட்டினால் போதும். நடுவில் d இடைவெளி வந்தால் ஓர் உறுப்பு கழியும்:

```
1/f = 1/f1 + 1/f2 − d/(f1·f2)
```

f1 = 20 செ.மீ, f2 = 10 செ.மீ, d = 5 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். 0.05 + 0.1 − 0.025 = 0.125. ஆக, தொகுபயன் குவியத்தொலைவு f = 8 செ.மீ. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் இந்த 8-ஐ எங்கிருந்து அளப்பது? பலர் சறுக்குவது இங்கேதான்.

படி 1: முதல் லென்ஸ் மட்டும். சன்னலுக்கு வெளியே தூரத்தில் ஒரு மரம். அதிலிருந்து வரும் ஒளி முதல் லென்ஸுக்குப் பின்னால் 20 செ.மீ.யில் குவியப் பார்க்கும்.

படி 2: இடைவெளியைக் கழியுங்கள். அந்தப் புள்ளி இரண்டாம் லென்ஸிலிருந்து 20 − 5 = 15 செ.மீ. அங்கே ஒளி போய்ச் சேரும் முன்பே இரண்டாம் லென்ஸ் குறுக்கிடுகிறது. எனவே அது மாயப் பொருள்; லென்ஸிலிருந்து ஒளி செல்லும் திசையில் அளப்பதால் பொருள் தொலைவு u = +15. இதை −15 என்று போட்டால் பிம்பத் தொலைவு v = 30 என்று வரும். குவிந்துகொண்டே வரும் ஒளியை இன்னொரு குவிலென்ஸ் மேலும் குவிக்குமே தவிர விரிக்காது. விடை 15-ஐத் தாண்டினால் குறியில் பிழை என்று புரிந்துகொள்ளலாம்.

படி 3: இரண்டாம் லென்ஸ். 1/v = 1/f2 + 1/u = 1/10 + 1/15 = 1/6. வெள்ளைத்தாளை இரண்டாம் லென்ஸுக்குப் பின்னால் 6 செ.மீ.யில் பிடித்தால் மரம் தலைகீழாகத் தெளிவாக விழும். 8 செ.மீ.யில் பிடித்தால் மங்கல்தான்.

அப்படியானால் 8 பொய்யா? இல்லை. அதை அளக்கவேண்டியது இரண்டாம் லென்ஸுக்கு 2 செ.மீ முன்னால், இடைவெளிக்குள் கற்பனையாக நிற்கும் முதன்மைத் தளத்திலிருந்து. பிம்பத்தின் அளவையும் அந்த 8-தான் தீர்மானிக்கிறது: 8 செ.மீ குவியத்தொலைவுள்ள ஒற்றை லென்ஸ் தரும் அதே உயரத்தில் மரம் தெரியும்.

பொருள் அருகில் இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். மெழுகுவர்த்தி முதல் லென்ஸுக்கு முன்னால் 40 செ.மீ.யில் இருக்கட்டும். முதல் பிம்பம் 40 செ.மீ.யில்; 5-ஐக் கழித்தால் u = +35; முடிவில் v ≈ 7.8 செ.மீ. f = 8 என்று வைத்து, u = −40 என்று நேரடியாகப் போட்டவருக்கு 10 கிடைக்கும். தாளில் அது பொருந்தாது.

இப்போது இடைவெளியை மாற்றிப் பார்ப்போம். ஒட்டியிருக்கும்போது f = 6.7, பிம்பமும் 6.7 செ.மீ.யில். d = 5 என்றால் f = 8, பிம்பம் 6-இல். d = 10 என்றால் f = 10, பிம்பம் 5-இல். குவியத்தொலைவு கூடக்கூடப் பிம்பம் தள்ளிப்போகும் என்றுதான் தோன்றும். இங்கே அது இரண்டாம் லென்ஸை நெருங்குகிறது, மரமோ பெரிதாகிக்கொண்டே போகிறது.

d = 20-ஐத் தாண்டினால் ஒளி இடைவெளிக்குள்ளேயே குவிந்துவிடும்; d = 30 வரை இறுதிப் பிம்பம் தாளில் பிடிபடாது. d = 30-இல் சூத்திரம் 1/f = 0 என்கிறது. வெளிவரும் கதிர்கள் இணையாகிவிட்டன: இரண்டாம் லென்ஸில் கண்ணை வைத்தால் மரம் இரண்டு மடங்கு பெரிதாய், தலைகீழாய்த் தெரியும். கெப்ளர் தொலைநோக்கி இதுவே.