போட்டோவில் வந்த கணக்குத்தாள்: ‘பூச்சியம்’ எண்ணா, பெயரா?

அக்கா மகள் திருநெல்வேலியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நான் இருப்பது மும்பையில், தாராவி 90 அடி சாலைப் பக்கம். புரியாத கணக்கு வந்தால் தாளைப் போட்டோ எடுத்து, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள். வாக்கியம் தமிழில் இருக்கும், குறியீடெல்லாம் x, p(x) என்று ஆங்கிலத்தில். போன வாரம் வந்த தாளில் முதலில் தப்பாகப் படித்தேன், அப்புறம் தப்பாக விளக்கினேன். இப்படி வரும் தாளை எப்படிக் கையாளலாம் என்று அதே கணக்கை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கையால் எழுதிக்கொள்ளுங்கள்

போட்டோவைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போடாதீர்கள். முழுக் கேள்வியையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எழுதும்போதுதான் எந்த எழுத்து தெரியவில்லை என்பது பிடிபடும்.

எனக்கு முதலில் தெரிந்தது இது: `x³ − 4x + x + 6`. எழுதி முடித்ததும் உறுத்தியது. −4x, +x இரண்டும் ஒரே வகை உறுப்புகள். அவற்றைச் சேர்த்து −3x என்று எழுதாமல் எந்த ஆசிரியராவது கேள்வி கேட்பாரா? போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், 4x-இன் தலையில் ஒரு சின்னப் புள்ளி போல 2 இருந்தது. அது 4x². அடுக்கு எண்தான் போட்டோவில் முதலில் காணாமல் போகும், அடுத்தபடியாகக் கழித்தல் குறி. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதும் ஒரு காரணம். அதே படத்தை ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வரும்.

சரியாக எழுதிய கேள்வி:

1. p(x) = x³ − 4x² + x + 6 ஐ (x − 2) ஆல் வகுக்கக் கிடைக்கும் மீதியைக் காண்க.
2. (x − 2) ஆனது p(x)-இன் காரணியா எனச் சரிபார்க்க.
3. p(x)-ஐ முழுமையாகக் காரணிப்படுத்தி, அதன் பூச்சியங்களை எழுதுக.

ஐ, ஆல் இரண்டையும் வட்டம் போடுங்கள்

தமிழில் எதை எதனால் வகுப்பது என்பதைச் சொல்வது, குறியீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் இந்தச் சின்ன உருபுகள்தான். எது முன்னால் வருகிறது என்பதை நம்பக்கூடாது. ‘60 ஐ 12 ஆல் வகுக்க’ என்றாலும் ‘12 ஆல் 60 ஐ வகுக்க’ என்றாலும் விடை 5 தான். ‘12 ஐ 60 ஆல்’ என்றால் 1/5 ஆகிவிடும். போட்டோவில் விரல் நிழல் விழுந்து ‘ஆல்’ மறைந்திருந்தால், ஊகிக்காமல் திருப்பிக் கேட்டுவிடுங்கள்.

நம் கணக்கில் ‘ஐ’ ஒட்டியிருப்பது p(x), ‘ஆல்’ ஒட்டியிருப்பது (x − 2). ஆகவே (x − 2) தான் வகுத்தி.

தாளில் உள்ள சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்

கணக்கைத் தொடுவதற்கு முன், தாளில் வரும் கலைச்சொற்களை ஓரமாக எழுதுங்கள். இங்கே மூன்றுதான்: மீதி, காரணி, பூச்சியம். விளக்கம் முழுக்க இவைதான் வரவேண்டும்.

நான் கோட்டை விட்டது இங்கேதான். இங்கே மராத்தியிலும் இந்தியிலும் ‘பாக்கி’ என்று பேசிப் பழகிய வாய். வாய்ஸ் மெசேஜில் ஒரு தடவை ‘பாக்கி’ என்றேன், ஒரு தடவை ‘ரிமெய்ண்டர்’, கடைசியில் ‘மீதி’. “சித்தி, பாக்கி வேற மீதி வேறயா?” என்று பதில் வந்தது.

அதைவிடப் பெரிய குழப்பம் பூச்சியத்தில். நான் சொன்ன வாக்கியம் இது: ‘மீதி பூச்சியம், அதனால் 2 ஒரு பூச்சியம்.’ எனக்குப் புரிந்தது, அவளுக்குப் புரியவில்லை. இரண்டு எப்படிப் பூச்சியமாகும்? நியாயமான கேள்வி. தமிழில் 0 என்ற எண்ணுக்கும் பூச்சியம் என்கிறோம். p(x)-இல் x-க்குப் பதிலாக எந்த எண்ணைப் போட்டால் மதிப்பு 0 ஆகிறதோ, அந்த எண்ணையும் பல்லுறுப்புக் கோவையின் பூச்சியம் என்கிறோம். ஒரே வாக்கியத்தில் ஒரே சொல், இரண்டு பொருள்.

அதற்கு நான் வைத்துக்கொண்ட வழி: எண் என்றால் எப்போதும் இலக்கத்தில் 0 என்று எழுதுவது. ‘பூச்சியம்’ என்று எழுத்தில் எழுதினால் அது கோவையின் பூச்சியம் மட்டுமே. வாக்கியம் இப்படி மாறும்: ‘மீதி 0. ஆகவே p(x)-இன் ஒரு பூச்சியம் 2.’ இதே 2-ஐ p(x) = 0 என்ற சமன்பாட்டின் ‘மூலம்’ என்றும் சொல்வார்கள். கோவைக்குப் பூச்சியம், சமன்பாட்டுக்கு மூலம். நம் தாளில் சமன்பாடே இல்லை, அதனால் அந்தச் சொல்லை உள்ளே விடவில்லை.

இப்போது கணக்கு

முதல் கேள்விக்கு நீளமாக வகுக்க வேண்டாம். மீதித் தேற்றப்படி, p(x)-ஐ (x − 2) ஆல் வகுத்தால் மீதி p(2). x − 2 = 0 என்று வைத்தால் x = 2 வருகிறது, அதனால்தான் 2. கழித்தல் குறியைப் பார்த்துப் பலர் −2 போடுவார்கள். அப்படிப் போட்டால் −20 வரும், அது (x + 2) ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதி.

```
p(2) = 8 − 16 + 2 + 6 = 0
```

மீதி 0. காரணித் தேற்றப்படி (x − 2) ஆனது p(x)-இன் ஒரு காரணி. இரண்டாவது கேள்வியும் இதிலேயே முடிந்தது.

மூன்றாவதற்கு ஈவு வேண்டும். தொகுமுறை வகுத்தலில் கெழுக்களை மட்டும் எழுதினால் போதும்:

```
2 |  1   −4    1    6
  |       2   −4   −6
  |  1   −2   −3    0
```

முதல் 1-ஐ அப்படியே கீழே இறக்குகிறோம். அதை 2-ஆல் பெருக்கி அடுத்த கெழுவின் கீழே எழுதிக் கூட்டுகிறோம், அப்படியே கடைசி வரை. கடைசியில் நிற்கும் 0 தான் மீதி, முதல் கேள்வியின் விடையோடு ஒத்துப்போகிறது. ஈவு x² − 2x − 3. பெருக்கினால் −3, கூட்டினால் −2 வரும் எண்கள் −3, 1. ஆகவே:

```
p(x) = (x − 2)(x − 3)(x + 1)
```

காரணிகள் (x − 2), (x − 3), (x + 1). பூச்சியங்கள் 2, 3, −1. இங்கேயும் சொல்லைக் கலக்காதீர்கள்: காரணி என்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும் கோவை, பூச்சியம் என்பது எண். ‘காரணி 2’ என்று எழுதினால் தவறு.

படித்ததும் சரிதானா?

பெருக்கிப் பாருங்கள். (x − 2)(x − 3) = x² − 5x + 6. அதை (x + 1) ஆல் பெருக்கினால் x³ − 4x² + x + 6. போட்டோவில் இருந்து எழுதிய வரியோடு ஒவ்வொரு குறியும் பொருந்துகிறது. −4x² இல் உள்ள கழித்தலைத் தவறவிட்டிருந்தால் p(2) = 32 ஆகியிருக்கும், (x − 2) காரணியே ஆகாது. பிறகு மூன்றாவது கேள்வி எங்கும் நகராது. அப்படி முட்டிக்கொண்டு நின்றால் கணக்கைத் திரும்பப் போடுவதற்கு முன் போட்டோவைத்தான் திரும்பப் பார்க்கவேண்டும்.

மறுநாள் இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, நானும் போட்டோ எடுத்து அனுப்பினேன். “சித்தி, அந்த 4-க்கு மேல இருக்கிறது 2-ஆ 3-ஆ?” என்று கேட்டாள்.