பிடித்த யோசனையை எப்போது விடுவது? முதல் சோதனைக்குப் பிறகு செய்யும் தவறுகள்

மன்னார்குடிப் பக்கம் இரண்டு நண்பர்கள் தொழில் தொடங்கப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் மூன்று யோசனைகள்: நெல் உலர்த்தும் இயந்திரத்தைக் களத்துக்கே கொண்டுபோய் வாடகைக்கு ஓட்டுவது, சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்டிக் கொடுப்பது, தார்ப்பாய் வாடகை. முதலாவதுதான் செல்லப்பிள்ளை. அதற்குக் காரணமும் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் வழக்கமாக 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. குறுவை அறுவடையோ புரட்டாசி, ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்கிறது.

இவர்கள் செய்யக்கூடிய முதல் தவறு, எது நடந்தால் விட்டுவிடுவது என்று முன்கூட்டியே எழுதி வைக்காதது. இயந்திரம் வாங்காமலே இதைச் சோதிக்கலாம்: அறுவடைக்கு முன்பு 20 விவசாயிகளைப் பார்த்து, தேதி குறித்து, 500 ரூபாய் முன்பணம் கேட்பது. ஆறு பேராவது தந்தால் மேலே போவது, இல்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிறுத்துவது. அந்த ஆறு என்ற எண்ணைக் கேட்கப் போவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால் வந்தது இரண்டு என்றாலும் “ரெண்டு பேர் வந்தாச்சே” என்றுதான் தோன்றும்.

அடுத்தது, பாராட்டைக் கணக்கில் சேர்ப்பது. “வந்தா நல்லாத்தான் இருக்கும் தம்பி” என்று 14 பேர் சொல்லியிருப்பார்கள். முன்பணம் தந்தது இரண்டே பேர், அதிலும் ஒருவர் சொந்த மாமா. அப்படியானால் கணக்கு ஒன்றுதான். டெல்டாவில் வீட்டுக்கு வந்து கேட்பவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது மரியாதை, வியாபாரம் இல்லை.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சோதனை தோற்றதா, யோசனை தோற்றதா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இதையே தை மாதத்தில் சம்பா அறுவடையின்போது கேட்டிருந்தால் பதிலுக்கு மதிப்பில்லை. வெயில் காயும்போது யார் காசு கொடுத்து உலர்த்துவார்கள்? அப்படியானால் காரணத்தை ஒரே வரியில் எழுதி, அதை மட்டும் மாற்றி, ஒரே ஒரு முறை மறுபடி சோதிக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் கேட்டும் தரவில்லையென்றால், ஏன் தரவில்லை என்று கேட்க வேண்டும்.

கணக்குப் போட்டால் காரணம் தெரியும். 22 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லை 17 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் எடை சுமார் 940 கிலோ. ஏக்கருக்கு இரண்டு டன் என்று வைத்தால், 40 கிலோ சிப்பமாக 50 இருந்தது 47 ஆகிவிடும். போனது தண்ணீர்தான், ஆனாலும் விவசாயியின் கண்ணுக்கு மூன்று சிப்பம் குறைகிறது, அதற்கு மேல் உலர்த்தும் கூலியும் தர வேண்டும். பக்கத்திலேயே சாலை இருக்கிறது, ஒரு நாள் வெயில் வந்தால் போதும் என்று நினைக்கிறார். தவிர, மழை அதிகமான ஆண்டுகளில் ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை எழும், சில ஆண்டுகளில் தளர்த்தியும் இருக்கிறார்கள். தளர்த்திய அன்றைக்கே உலர்த்தியின் தேவை பாதி போய்விடும்.

“கூலி அதிகம்” என்று மட்டும் சொல்லியிருந்தால் விலையைக் குறைத்துப் பார்க்கலாம். “இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம், வெயில் வரும்” என்பதை நீங்கள் மாற்ற முடியாது. அடுத்த மழைக்குப் பார்க்கலாம் என்று காத்திருந்தால் அடுத்த குறுவை வரை ஓராண்டு போகும். அதற்குள் இயந்திரத்துக்குக் கடன் வாங்கிவிட்டால் அது வட்டி தின்னும். இங்கே நிறுத்துவதே சரி. எந்த நிலைமை மாறினால் திரும்ப எடுப்பது என்று மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்தால் மனசும் ஆறும்.

அப்புறம் கடைசித் தவறு: பழைய வரிசைப்படியே இரண்டாவதுக்குத் தாவுவது. உலர்த்திக்காகப் பேசப் போன இடத்தில் கேட்டதை வைத்து வரிசையைத் திரும்ப அடுக்க வேண்டும். வைக்கோல் கட்டும் இயந்திரங்கள் அறுவடைச் சமயத்தில் வெளியூரிலிருந்து ஏற்கெனவே வருகின்றனவா என்று விசாரித்தால், அங்கே இடம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மறுபுறம், நிலையத்தில் முறைக்காகக் காத்திருக்கும் விவசாயிகளின் முதல் புலம்பல் நெல்லின் ஈரப்பதம் அல்ல, குவியல் மழையில் நனைவதுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மூன்றாவதாக இருந்த தார்ப்பாய் முதலாவதாக வர வேண்டும்.

இதற்கும் அதே முறைதான். நான்கு தார்ப்பாய் வாங்கி, ஒரே ஒரு நிலையத்துக்குப் பக்கத்தில், நாள் வாடகைக்கு. மழை அறிவிப்பு இல்லாத நாளிலும் கேட்கிறார்களா, எடுத்தவர் கிழிக்காமல் திருப்பித் தருகிறாரா, இரண்டாவது முறை அவரே வருகிறாரா என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் திரும்பி வராவிட்டால் நிறுத்துவது என்ற எண்ணை, தார்ப்பாய்க்குக் காசு கொடுக்கும் முன்பே எழுதிவிட வேண்டும்.